112 பக்கங்களுக்கு ஏன் முடியாது என்றேன்: பெங்களூருவின் மூத்த கணித ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பெங்களூருவில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள்தான் என் துறை. கடந்த பிப்ரவரியில் உங்களில் ஒருவர் 112 பக்கக் கட்டுரை ஒன்றை மெயிலில் அனுப்பி, "ரெண்டு வாரத்துல ஒரு பார்வை பார்த்துச் சொல்லும்மா, அப்புறம் ஜர்னலுக்கு அனுப்பிடலாம்" என்று எழுதியிருந்தார். முடியாது என்று பதில் எழுதினேன்.

அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்திதான் எப்படியோ பரவிவிட்டது. ஒரு கருத்தரங்கின் டீ இடைவேளையில், எனக்கு இரண்டடி தள்ளி நின்று வேறு இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்: "பெரியவர் ஒரு பேப்பர் அனுப்பினா படிக்கக்கூட நேரமில்லையாம் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு." தமிழில் பேசினால் பெங்களூருவில் பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது என்ற நம்பிக்கை இன்னும் சிலருக்கு இருக்கிறது, பாவம். அவர்களுக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இங்கே சொல்கிறேன். கட்டுரை அனுப்பியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுது, என் பேர் மட்டும் வேணாம்" என்றார்.

முதலில் ஒன்று. அந்தக் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காமல் நான் மறுக்கவில்லை. நீளமான கட்டுரை வந்தால் முன்னுரையைப் படித்துவிட்டு, நடுவில் ஒரு பக்கத்தையும் பின்னிணைப்பில் ஒரு பக்கத்தையும் எடுத்து, ஜர்னலுக்காக மதிப்பாய்வு செய்யும் ரெஃப்ரியாக இருந்தால் எப்படிப் படிப்பேனோ அப்படிப் படித்துப் பார்ப்பேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்த பிறகுதான் பதில். முன்னுரை வேகமாக ஓடியது. நன்றாக எழுதப்பட்ட முன்னுரை அது. பின்னிணைப்புப் பக்கம் வெறும் கணக்கீடு, அரை மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் எடுத்தது 47-ஆம் பக்கம். அங்கே மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் சார்புகளின் தொடர்வரிசை ஒன்று ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எல்லையை நெருங்குகிறது. உடனே அடுத்த வரியில், டாமினேட்டட் கன்வர்ஜென்ஸ் தேற்றத்தின்படி எல்லையைத் தொகையீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று இருக்கிறது. அந்தத் தேற்றத்தைப் பயன்படுத்த, எல்லாச் சார்புகளுக்கும் மேலே குடைபோல நிற்கும் ஒரே ஒரு சார்பு வேண்டும், அதன் தொகையீடும் முடிவுள்ளதாக இருக்க வேண்டும். அது எது என்று அந்தப் பக்கத்தில் சொல்லவில்லை. எல்லைக்குட்பட்ட பரப்பாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லை. இங்கே நடப்பதோ முழு வெளியில். முழு வெளியில் என்ன ஆகலாம் என்பதற்கு எம்.எஸ்சி. வகுப்பில் நாம் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு உண்டு: [n, n+1] என்ற இடைவெளியில் மட்டும் 1, மற்ற இடமெல்லாம் 0. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் n பெரிதாகும்போது அது பூஜ்யமாகிவிடும். ஆனால் பரப்பளவு எப்போதும் 1. கனம் எங்கேயும் கரையவில்லை, வலப்பக்கமாக ஓடிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்படி ஓடிப்போகாது என்பதற்கு உத்தரவாதம் எங்கே என்று தேடினேன். 16-ஆம் பக்கத்தில் ஒரு துணைத்தேற்றம் அதைத் தருகிறது, ஆனால் பரிமாணம் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். 47-ஆம் பக்கத்தில் பரிமாணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுபடி பின்னால் போய்த் தேடினால், 31-ஆம் பக்கத்தில் ஒரு குறிப்புக்குள், "இனி பரிமாணம் குறைந்தது 3 என்று கொள்வோம்" என்று ஒரு வரி. ஆக, 47-ஆம் பக்கம் சரிதான். ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லை என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது.

படித்துச் சொல்வது என்றால் இதுதான். எல்லாப் பக்கமும் இப்படி இருக்காது. முன்னுரை, நூற்பட்டியல் எல்லாம் கழித்தால் நிரூபணம் உள்ள பக்கங்கள் சுமார் 90. சுலபமானதும் கடினமானதும் கலந்து, பக்கத்துக்குச் சராசரி ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 90 மணி நேரம். வகுப்பும் வீடும் போக ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தாலும் ஒன்றரை மாதம். இரண்டு வாரத்தில் நான் தரக்கூடியது 112 பக்கத்தையும் புரட்டிவிட்டேன் என்ற சான்றிதழ் மட்டும்தான்.

"நுணுக்கமா வேணாம், சும்மா ஒரு பார்வை போதும்" என்று நீங்கள் சொல்வது எங்கள் மேல் இருக்கும் அக்கறையில்தான். ஆனால் அந்தப் பார்வையால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதற்கு நம் துறையிலேயே தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கான நிரூபணத்தை அறிவிப்பதற்கு முன், 1993-இன் தொடக்கத்தில், பிரின்ஸ்டனில் நீள்வட்ட வளைவரைகள் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார். நிரூபணத்தின் ஒரு பகுதியைச் சரிபார்ப்பதுதான் அந்த வகுப்பின் உண்மையான நோக்கம் என்பது சக பேராசிரியர் நிக் காட்ஸுக்கு மட்டும் தெரியும். மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள், காட்ஸ் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் அறிவிப்பு வந்தது. பிறகு சுமார் 200 பக்கக் கட்டுரை ஆறு ரெஃப்ரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதே காட்ஸுக்கு வந்தது மூன்றாம் அத்தியாயம். இம்முறை வரி வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் எல்லாம் வைல்ஸுக்குக் கேள்வி அனுப்பினார். அப்படிக் கேட்டுக்கொண்டே போனபோதுதான் அந்த ஓட்டை வெளியே வந்தது. அதை அடைக்க 1994 செப்டம்பர் வரை ஆனது, அவருடைய முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையும் வேண்டியிருந்தது.

நம் கட்டுரைகள் ஃபெர்மா அல்ல, தெரியும். நான் சொல்ல வருவது ஆளைப் பற்றி. ஆள் அதே ஆள், அறிவு அதே அறிவு. கேட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது தப்பியது, ஒரு பகுதியை மட்டும் கையில் எடுத்துப் படித்தபோது சிக்கியது. அவ்வளவு பெரிய கட்டுரையைக்கூட ஒரே ஆள் தலையில் கட்டவில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

இனி, பிப்ரவரியில் என் மேசையில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. உள்மதிப்பீட்டு விடைத்தாள்கள். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவியின் ஆய்வேட்டுச் சுருக்கம். ஜர்னல்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த மதிப்பாய்வுகள். இவற்றோடு, ஆராய்ச்சி நிதிக்கான யுடிலைசேஷன் சர்டிபிகேட். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, அதற்குள் செலவை எல்லாம் தலைப்புவாரியாகக் காட்டியாக வேண்டும். பிரிண்டருக்கு வாங்கிய டோனர் கன்டின்ஜென்சியில் வருமா கன்ஸ்யூமபிள்ஸில் வருமா என்று கணக்குப் பிரிவோடு மல்லுக்கட்டுவது உங்களுக்கும் பழக்கமானதுதான். இதில் எதைத் தள்ளிவைக்க முடியும் என்று யோசித்தால், என் மாணவியின் சுருக்கத்தைத்தான் தள்ளிவைக்க முடிந்திருக்கும். ஏனென்றால் அவள் ஒருத்திதான் என்னைக் கேள்வி கேட்க முடியாதவள். அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

இரண்டு நாளுக்குள் அவருக்குப் பதில் எழுதினேன். அந்தப் பதிலை அப்படியே தருகிறேன். டீ இடைவேளையில் பேசப்பட்டது வேறு ஏதோ பதிலைப் பற்றிப் போல இருந்தது.

"மதிப்பிற்குரிய சார், வணக்கம். கட்டுரை கிடைத்தது, என்னை நினைத்து அனுப்பியதற்கு நன்றி. முழுக் கட்டுரையையும் என்னால் படித்துத் தர முடியாது. முன்னுரையையும் 47-ஆம் பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். ஒழுங்காகச் சரிபார்க்க ஒன்றரை மாதமாவது ஆகும், ஏப்ரல் நடுப்பகுதி வரை அந்த நேரம் என்னிடம் இல்லை. ஏப்ரல் 20-க்குப் பிறகு 15 பக்கம் வரை வரி வரியாகப் படித்து, பத்து நாளில் எழுத்தில் தருகிறேன். எந்தப் பக்கங்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன்பே ஜர்னலுக்கு அனுப்புவதாக இருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பரிமாணம் குறைந்தது 3 என்ற நிபந்தனையை 47-ஆம் பக்கத்தில் ஒருமுறை நினைவூட்டினால் படிப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். கட்டுரையை நான் யாருக்கும் காட்டவில்லை. ஜர்னலில் இருந்து மதிப்பாய்வுக்கு என்னைக் கேட்டால், முன்பே ஒரு பகுதியைப் படித்திருக்கிறேன் என்று பதிப்பாசிரியரிடம் சொல்லிவிடுவேன்."

இதில் சில விஷயங்களை யோசித்துத்தான் எழுதினேன். முடியாது என்பது மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. குடும்பச் சூழ்நிலை, உடம்பு சரியில்லை என்றெல்லாம் போர்த்தி எழுதினால், "சரி, உடம்பு தேறினதும் பாரும்மா" என்று பதில் வரும், கோப்பும் என் தலையிலேயே நிற்கும். காரணம் ஒரே வரிதான். பட்டியல் போட்டால் அதில் எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று பேரம் பேச இடம் உண்டாகிவிடும். 15 பக்கம் என்று எண்ணிக்கையைப் போட்டேன், ஆனால் எந்தப் பக்கம் என்பதை அவரிடமே விட்டேன். தன் கட்டுரையில் எது உறுத்துகிறது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

யாருக்கும் காட்டவில்லை என்பதையும் சும்மா எழுதவில்லை. நீங்கள் எனக்கு அனுப்ப, நான் என் மாணவிக்குத் தள்ள, அவள் ராத்திரி உட்கார்ந்து படித்த குறிப்புகள் என் பெயரில் உங்களுக்கு வந்துசேருவது நம் ஊரில் நடக்காததல்ல. ஜர்னல் வழியாக வரும் கட்டுரையில் அப்படிச் செய்யக் கூடாது என்பது எழுதப்பட்ட நெறி. வெளியீட்டு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பின் வழிகாட்டுதல், ஜர்னலின் அனுமதி இல்லாமல் மதிப்பாய்வில் வேறு யாரையும் சேர்க்கக் கூடாது என்கிறது. முடியாதென்றாலும் தாமதிக்காமல் பதில் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நட்பில் வரும் கட்டுரைக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது, ஆனால் அச்சேறாத வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் முறை.

மறுநாள் காலையில் போன் வந்தது. யஷ்வந்த்பூர் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் நின்றுகொண்டு பேசினேன். "ஆறாவது பிரிவைப் பாரும்மா. எனக்கே அங்கதான் ஏதோ இடிக்குது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். 14 பக்கம். ஜர்னலுக்கு அனுப்புவதை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

ஏப்ரல் கடைசியில் அந்த 14 பக்கத்தை எடுத்து உட்கார்ந்தேன். நம் துறையில் எல்லா மாறிலிக்கும் C என்றே பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. வரிக்கு வரி அது வேறு எண்ணாக இருக்கும், ஆனால் எழுத்து அதேதான். இப்படிப்பட்ட கட்டுரையைப் படிக்கும்போது நான் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு C-க்கும் பக்கத்தில் ஓரத்தில் அது எதை எதைச் சார்ந்தது என்று எழுதிக்கொண்டே போவேன். பரிமாணத்தையா, தொடக்க மதிப்பையா, கால இடைவெளி T-யையா என்று. சலிப்பான வேலை. ஆறாம் பிரிவின் நான்காவது பக்கத்தில் ஒரு C-க்குப் பக்கத்தில் T என்று எழுத வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பக்கம் தள்ளி, 0 முதல் T வரை கிடைத்த மதிப்பீட்டை T முதல் 2T வரை, பிறகு 3T வரை என்று அடுத்தடுத்து ஒட்டி, முடிவில்லாத காலத்துக்கும் தீர்வு இருக்கிறது என்று காட்டுகிறார். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் அந்த C ஒருமுறை பெருக்கப்படுகிறது. அது 1-க்கு மேல் இருந்தால் மதிப்பீடு ஒவ்வொரு படியிலும் வீங்கிக்கொண்டே போகும், அப்படி வீங்கினால் அடுத்த படியிலும் அதே T கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதை அடக்கி வைக்க அங்கே எதுவும் இல்லை.

இதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். தொடக்க மதிப்பு போதுமான அளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் வீக்கம் அடங்கிவிடும் என்று அவரே ஒரு வாரத்தில் கண்டுபிடித்தார். முதன்மைத் தேற்றத்தில் இப்போது அந்த நிபந்தனை இருக்கிறது. தேற்றம் கொஞ்சம் சிறுத்துவிட்டது, ஆனால் நிற்கிறது. பிப்ரவரியில் இரண்டு வாரத்தில் 112 பக்கம் என்று ஒப்புக்கொண்டிருந்தால், ஆறாம் பிரிவுக்கு நான் வந்துசேரும்போது மணி நள்ளிரவைத் தாண்டியிருக்கும், பென்சிலும் கையில் இருந்திருக்காது.

உங்கள் கட்டுரைகளுக்கு எங்களைப் போன்றவர்களிடம் இருந்து வந்த குறிப்புகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக்க எண்களை மட்டும் பாருங்கள், போதும். முதல் 15 பக்கத்தில் இருபது குறிப்பு, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு, கடைசியில் நூற்பட்டியலில் ஒரு ஆண்டு தவறு என்று இருந்தால், அந்தக் கட்டுரை படிக்கப்படவில்லை. கேள்வியே இல்லாமல் திருத்தம் மட்டும் இருந்தாலும் சந்தேகப்படலாம். நிரூபணத்தைத் தொடர்ந்து போகிறவருக்கு எங்காவது ஓரிடத்தில் "இது எப்படி வந்தது" என்று கேட்கத் தோன்றாமல் இருக்காது. இப்படிப்பட்ட குறிப்புகளை நம்பி, நன்றியுரையில் "கவனமாகப் படித்ததற்கு" என்று பெயரையும் போட்டுவிடுகிறீர்கள். அதைப் பார்க்கும் பதிப்பாசிரியர் யாரோ சரிபார்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வராத இளையவர் தருவது பெரும்பாலும் இதுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாளை தேர்வுக் குழுவில் நீங்கள் உட்காருவீர்கள், அவருக்குப் பரிந்துரைக் கடிதம் நீங்கள்தான் எழுத வேண்டும். "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் உங்கள் கண்ணில் படாமல் சுற்றுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது.

"உங்க தீசிஸை எல்லாம் நாங்க ராத்திரி பகலா உக்காந்து படிச்சோமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் ஆய்வேட்டின் மூன்று வரைவுகளை என் நெறியாளர் சிவப்பு மையில் நிரப்பித் தந்தார், அது கடன்தான். அந்தக் கடனை என் மாணவியின் வரைவில் திருப்பித் தருகிறேன், உங்கள் ஆறாம் பிரிவிலும் தருகிறேன். முழுக் கட்டுரைக்கும் ஒப்புக்கொள்ளும் சமயங்களும் உண்டு. என்னுடைய தேற்றம் ஒன்றின் மேல் உங்கள் கட்டுரை நிற்கிறது என்றால், எத்தனை பக்கமானாலும் படிப்பேன், ஏனென்றால் அங்கே பிழை இருந்தால் அது என் பிழையாகவும் இருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். மெயிலின் தலைப்பிலேயே பக்க எண்ணிக்கையைப் போடுங்கள். உங்களுக்கு உறுத்தும் பிரிவு எது, வேண்டியது சரிபார்ப்பா, நடை பற்றிய கருத்தா, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதுங்கள். நடை பற்றிய கருத்து மட்டும் என்றால் 112 பக்கமும் ஒரு வார இறுதியில் சாத்தியம்தான். போனிலோ, நாலு பேர் நிற்கும் இடத்திலோ, நெறியாளர் மூலமாகவோ கேட்காதீர்கள். அங்கே கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான் இருக்கும், அது உங்களுக்கு உதவாது. ஜர்னல் படிவத்தில் மதிப்பாய்வாளராக எங்கள் பெயரைப் பரிந்துரைப்பதாக இருந்தால், வரைவை எங்களுக்கு முன்கூட்டியே காட்டாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும்.

நிதியாண்டின் கடைசி இரண்டு மாதங்களைத் தவிர்த்து எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். 15 பக்கம் வரை என்றால் பத்து நாளில் எழுத்தில் பதில் வரும், அதற்கு மேல் என்றால் முடியுமா முடியாதா என்பது இரண்டு நாளில் வரும்.

அன்புடன்,
உங்களில் ஒருவரின் ஆறாம் பிரிவைப் படித்தவள்